நேர்காணல் முடிந்த மறுநாள் நன்றிச் செய்தி அனுப்புவது எப்படி? நீலகிரியில் வேலை தேடுவோருக்கு

நான் கோத்தகிரி, குன்னூர் பக்கம் வேலை தேடி அலைந்தபோது, நேர்காணல் முடிந்த மறுநாள் என்ன எழுதி அனுப்புவது என்பதற்குத் தமிழில் உருப்படியான ஒரு மாதிரி கிடைக்கவில்லை. கிடைத்த ஆங்கில மாதிரிகள் எல்லாம் பெருநகரக் கம்பெனிகளுக்கானவை. நம் ஊர்த் தேயிலைத் தொழிற்சாலை மேலாளருக்கோ ரிசார்ட் உரிமையாளருக்கோ அதை அப்படியே அனுப்பினால், யாரோ எழுதிக் கொடுத்தது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். மெயில் முகவரி வாங்குவதிலிருந்து, சிக்னல் இல்லாத ஊரிலிருந்து அதை அனுப்பி முடிப்பது வரை ஒவ்வொன்றையும் தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். இப்போது ஒரு அலுவலகத்தில் இப்படி வரும் செய்திகளைப் படிக்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் செய்தியால் வேலை கிடைத்துவிடாது. நேர்காணலில் சமமாக நிற்கும் இரண்டு பேரில் உங்கள் முகம் நினைவில் நிற்க இது உதவும், அவ்வளவுதான்.

## 1. அனுப்பலாமா, கூடாதா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தனியார் தேயிலைத் தொழிற்சாலை, எஸ்டேட் அலுவலகம், ஹோட்டல், ரிசார்ட், தனியார் பள்ளி, மருந்துக்கடை, டிராவல்ஸ் என்று எங்கே நேர்காணல் நடந்திருந்தாலும் தாராளமாக அனுப்பலாம்.

அரசுத் தேர்வாணையம், அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனம், கூட்டுறவு நிறுவனம் நடத்தும் நேர்காணல் என்றால் அனுப்பாதீர்கள். அங்கே மதிப்பெண் கணக்கு, தரவரிசைப் பட்டியல் என்று தனி முறை இருக்கிறது. தேர்வுக் குழுவில் இருப்பவரை வேட்பாளர் தனியாகத் தொடர்புகொள்வதே தவறாக எடுத்துக்கொள்ளப்படும். எந்த வகையிலும் ஆதரவு தேட முயன்றால் தகுதி நீக்கம் என்று பல அறிவிக்கைகளில் அச்சிட்டே இருப்பார்கள். நீங்கள் நன்றி மட்டுமே சொல்லியிருந்தாலும், படிப்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

கன்சல்டன்சி வழியாகப் போயிருந்தால் செய்தியை அவர்களுக்கு அனுப்பி, நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கும்படி கேளுங்கள். அவர்களைத் தாண்டி நேரே போனால் இரண்டு பக்கமும் சங்கடம்.

## 2. அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்குள் வாங்க வேண்டியவை

வேலையின் பெரும்பகுதி இதுதான். செய்தி எழுதப் பத்து நிமிஷம் போதும். யாருக்கு அனுப்புவது என்று தெரியாமல் மறுநாள் காலை முழுக்க அலைவதுதான் வழக்கமாக நடக்கிறது.

நேர்காணல் முடிந்ததும் உங்களை உள்ளே அனுப்பிவைத்த அலுவலக ஊழியரிடம் இப்படிக் கேளுங்கள்: "சார், இன்னைக்கு என்னைப் பார்த்தவங்க பேரும் பதவியும் எழுதிக்கலாமா? ஒரு மெயில் அனுப்பணும், எந்த முகவரிக்கு அனுப்புறது?" பெரும்பாலும் தயங்காமல் சொல்வார்கள். விசிட்டிங் கார்டு இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல், இனிஷியல், பதவி மூன்றும் அதில் சரியாக இருக்கும். காதில் கேட்டதை வைத்துப் பெயர் எழுதினால் தப்பாகிவிடும். இனிஷியலைக் கேட்காமல் ஊகித்துப் போடவும் வேண்டாம்.

வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும் முன்னால் இந்த நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

- வேலையின் பெயர், விளம்பரத்திலோ அழைப்பிலோ இருந்தபடி
- உங்களைப் பார்த்தவர்களின் பெயரும் பதவியும்
- அவர்கள் இந்த வேலையைப் பற்றிச் சொன்ன, உங்களுக்குப் புதிதாக இருந்த ஒரு விஷயம்
- "அப்புறம் அனுப்புங்க" என்று கேட்ட சான்றிதழ் ஏதாவது இருந்தால் அது. முடிவு எப்போது சொல்வோம் என்றார்களோ அந்தத் தேதி

மூன்றாவதுதான் முக்கியம். அன்று மாலைக்குள் மறந்துபோகும் முதல் விஷயமும் அதுதான்.

இங்கே மலைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மேலாளரின் சொந்த நம்பர் உங்கள் மாமாவிடமோ, பால் சொசைட்டிக்காரரிடமோ, ஜீப் ஓட்டும் அண்ணனிடமோ இருக்கும். அதை வாங்கி அந்த நம்பருக்கு அனுப்பாதீர்கள். கேட் செக்யூரிட்டியின் பதிவேட்டில் பார்த்த நம்பரும் அப்படித்தான். அவர் தராத நம்பரில் அவரைப் பிடித்தால், சிபாரிசு தேடுகிறார் என்றுதான் முதலில் தோன்றும்.

## 3. மெயிலா, வாட்ஸ்அப்பா?

உங்களை எந்த வழியில் கூப்பிட்டார்களோ அதே வழியில் அனுப்புங்கள். மெயிலில் அழைப்பு வந்திருந்தால் அதே மெயிலைத் திறந்து `Reply` கொடுங்கள். பழைய அழைப்பு கீழேயே தெரிவதால், நீங்கள் யார், எந்த வேலைக்கு என்று அவர் தேட வேண்டியதில்லை. `Reply all` கொடுக்கும் முன் முகவரிகளைப் பாருங்கள். சில அலுவலகங்கள் ஒரே மெயிலில் எல்லா வேட்பாளர்களையும் சேர்த்து அனுப்பிவிடுகின்றன. உங்கள் நன்றி உங்களோடு போட்டியிடும் எட்டுப் பேருக்கும் போகத் தேவையில்லை.

அலுவலக நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். உங்கள் ப்ரொஃபைல் படத்தையும் `About` வரியையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். பூப்போட்ட காலை வணக்கப் படம், கைகூப்பும் எமோஜி வரிசை, வாய்ஸ் நோட் எதுவும் வேண்டாம். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் 15 நிமிஷத்துக்குள் `Edit` செய்யலாம். அழித்துவிட்டு மறுபடி அனுப்பினால், அழித்த தடம் அங்கேயே நிற்கும்.

போனில் மட்டுமே கூப்பிட்டார்கள், மெயிலும் தெரியாது என்றால் அந்த நம்பருக்கு ஒரு சாதாரண எஸ்.எம்.எஸ். மூன்று வரி போதும். நன்றி சொல்வதற்காகப் போன் போடாதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் முடிவைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டிய நெருக்கடிக்குள் வந்துவிடுவார்.

மொழி விஷயத்தில் குழப்பமே வேண்டாம். அழைப்பு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழி. நேர்காணலில் தமிழில் பேசியிருந்தாலும் அழைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். கீழே நான் சொல்லும் நான்கு வாக்கியங்களும் அப்படியே பொருந்தும்.

## 4. நான்கு வாக்கியம், ஒரு உதாரணத்தோடு

கோத்தகிரிக்குப் பக்கத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு தொழிற்சாலை. கணக்கு உதவியாளர் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நேர்காணல். பி.காம். முடித்து, குன்னூரில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கெழுதிய பெண் போகிறார். மேலாளரும் கணக்காளரும் பார்க்கிறார்கள்.

டேலி தெரியுமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பார்த்திருக்கிறீர்களா என்று வழக்கமான கேள்விகள். அப்புறம் கணக்காளர் விளக்குகிறார்: தினமும் விவசாயிகள் கொடுக்கும் இலைக்கு எடைச் சீட்டு போடுகிறோம். மாதக் கடைசியில் ஒவ்வொருவரின் சீட்டையும் கூட்டி, முன்பணம், உரக்கணக்கு கழித்து, தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கு அறிவிக்கும் விலையையும் பார்த்துப் பணம் போட வேண்டும். ஒரு சீட்டு விட்டுப்போனாலும் அந்த விவசாயி கவுன்டரில் வந்து நிற்பார். கடைசியாக மேலாளர், பழைய கடையின் அனுபவச் சான்றிதழை அனுப்பச் சொல்கிறார். பத்து நாளில் தகவல் சொல்வதாகவும் சொல்கிறார்.

இனி மறுநாள் செய்தி. முதல் வாக்கியம் நன்றி: என்றைக்கு, எந்த வேலைக்கு என்பதோடு. இரண்டாவது, அங்கே கேட்ட ஒரு விஷயம். மூன்றாவது, அதோடு உங்கள் அனுபவம் எங்கே தொடுகிறது, வேலையில் விருப்பம் இருக்கிறதா என்பது. நான்காவது, அவர்கள் கேட்டதை இணைத்திருப்பது. கேட்கவில்லை என்றால் நான்காவது வாக்கியமே இல்லை.

> பொருள்: கணக்கு உதவியாளர் நேர்காணல் – நன்றி
>
> மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,
>
> வணக்கம். கணக்கு உதவியாளர் பணிக்கு நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, என்னை நேர்காணலுக்கு அழைத்துப் பேசியதற்கு உங்களுக்கும் கணக்காளர் அவர்களுக்கும் நன்றி. மாதக் கடைசியில் எடைச் சீட்டுகளை விவசாயிகளின் கணக்கோடு சரிபார்க்கும் முறையைக் கணக்காளர் விளக்கியதால், இந்த வேலையில் கவனம் எங்கே தேவை என்பது எனக்குத் தெளிவானது. மொத்தக் கடையில் சில்லறைக் கடைக்காரர்களின் பற்று வரவை மாதந்தோறும் பில்லோடு ஒப்பிட்டு முடித்த பழக்கம் எனக்கு உண்டு; இந்தப் பணியில் சேர விருப்பமாகவும் இருக்கிறேன். நீங்கள் கேட்ட அனுபவச் சான்றிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், இனிஷியலோடு)
> (ஊர், கைப்பேசி எண்)

போன் திரையில் ஏறக்குறைய ஒரே பார்வையில் படித்துவிடலாம். இதற்கு மேல் நீண்டால் வெட்டுங்கள்.

இதில் கனமான வாக்கியம் இரண்டாவதுதான். "உங்கள் நிறுவனத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டேன்" என்று எழுதியிருந்தால் அதை எந்த ஊரில் எந்தக் கம்பெனிக்கும் அனுப்பலாம். எடைச் சீட்டு என்ற ஒரு சொல் வந்ததும், இந்தப் பெண் கவனித்துக் கேட்டிருக்கிறார் என்று கணக்காளருக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது வாக்கியத்தில் அவர் தேயிலைக் கணக்கு தெரியும் என்று சொல்லவில்லை என்பதையும் பாருங்கள். தெரிந்தது பற்று வரவு, அதைத்தான் சொல்கிறார். தெரியாததைத் தெரியும் என்று எழுத்தில் கொடுத்தால் முதல் மாதக் கடைசியிலேயே பிடிபட்டுவிடும்.

ரிசார்ட் வேலை என்றால் இரண்டாவது வாக்கியம் வேறு மாதிரி அமையும்: "சீசனில் இ-பாஸ் எடுக்காமல் வந்து கல்லாறில் நிற்கும் விருந்தினர்களின் போன்களை முன்பதிவுப் பிரிவே கையாள வேண்டியிருக்கிறது என்று நீங்கள் சொன்னது…" பள்ளி என்றால் விடுதி மாணவர்களின் பெற்றோர் சந்திப்பு, அட்மிஷன் மாதம் என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் உண்மையிலேயே சொன்னது எதுவோ அதை எழுதுங்கள்.

எழுதக் கூடாதவை சில உண்டு. "முடிவு என்ன ஆயிற்று" என்ற கேள்வி, சம்பளப் பேச்சு, வீட்டுக் கஷ்டம், "தங்கள் பாதம் பணிந்து" வகை வரிகள், நேர்காணலில் சரியாகச் சொல்லாத பதிலுக்கு இப்போது ஒரு பக்க விளக்கம். இவற்றில் ஒன்று நுழைந்தாலும் அது நன்றிச் செய்தியாக இருக்காது, விண்ணப்பமாகிவிடும். ரெஸ்யூமேவை மறுபடி இணைக்கவும் வேண்டாம், அது அவர்களிடம் இருக்கிறது.

## 5. மறுநாள் எத்தனை மணிக்கு?

மறுநாள் என்றால் அடுத்த வேலைநாள். சனிக்கிழமை நேர்காணல் நடந்தால் திங்கள் காலை அனுப்புங்கள்.

நேரம் இடத்தைப் பொறுத்தது. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்துக்குக் காலை பத்து, பத்தரை நல்லது. இலை வந்து சேரும் நேரத்தில் அங்கே யாரும் மெயில் பார்ப்பதில்லை. குன்னூர் ஏலம் நடக்கும் வியாழன், வெள்ளியில் மேலாளரின் கவனம் அங்கேயேதான் இருக்கும். அந்த நாளாக அமைந்தால் காலையில் சீக்கிரமே போய்விடட்டும். ஹோட்டல், ரிசார்ட் என்றால் அறை காலி செய்யும் அவசரமும் புது விருந்தினர் வரும் அவசரமும் முடிந்து மூன்று மணிக்கு மேல். பள்ளிக்குக் காலை பதினொரு மணி வாக்கில், அல்லது பிள்ளைகள் போன பிறகு.

நேர்காணல் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அனுப்புவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வளைவு திரும்பும்போது தட்டிய எழுத்து அப்படித்தான் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கும் வேண்டாம்.

## 6. சிக்னல் போனாலும் செய்தி போக

மழைக்காலத்தில் இங்கே கரண்டும் டவரும் சேர்ந்தே போகும். காலை பத்து மணிக்கு அனுப்பலாம் என்று இருந்தால், அந்த நேரம் பார்த்து ஊரே இருட்டாக இருக்கும். அதற்கு ஒரு வழி: முந்தின நாள் மாலை, சிக்னல் இருக்கும் இடத்திலேயே மெயிலை எழுதி நேரம் குறித்து வைத்துவிடுங்கள்.

ஜிமெயில் ஆப்பில் மெயிலை எழுதி முடித்ததும் மேலே வலப்பக்கம் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தொட்டு `Schedule send` போய், நாளும் நேரமும் குறியுங்கள். அது `Scheduled` என்ற பெட்டிக்குள் போய்விட்டதா என்று பாருங்கள். போய்விட்டால் உங்கள் போன் அணைந்திருந்தாலும் அந்த நேரத்துக்குச் செய்தி போகும். அனுப்புவது கூகுளின் சர்வர். குறித்து வைக்கும் அந்த நிமிஷம் மட்டும் நெட் இருக்க வேண்டும்.

நேரடியாக அனுப்பினால் `Sent` பெட்டியைத் திறந்து பாருங்கள். `Outbox`-இல் `Queued` என்று நின்றால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். மறுபடி ஒன்று எழுதி அனுப்பாதீர்கள். சிக்னல் வந்ததும் இரண்டும் போய்ச் சேரும்.

சான்றிதழ் இணைப்பதாக இருந்தால் பி.டி.எஃப். ஆக்குங்கள். போனில் எடுத்த போட்டோவை அப்படியே போட்டால் ஒரு பக்கமே பல எம்.பி. இருக்கும், மலை நெட்டில் நகராது. ஃபைலுக்கு உங்கள் பெயரும் "அனுபவச் சான்றிதழ்" என்பதும் வரும்படி பெயர் வையுங்கள். அனுப்பும் முன் இணைப்பைத் திறந்து பாருங்கள். "இணைத்துள்ளேன்" என்று எழுதி எதையும் இணைக்காமல் வரும் மெயில்கள் எங்கள் அலுவலகத்துக்கே அடிக்கடி வருகின்றன.

## 7. செலவு

செய்திக்குச் செலவே இல்லை. போனிலேயே எல்லாம் முடியும். ஸ்கேன் செய்ய பிரவுசிங் சென்டர் போக வேண்டியிருந்தால் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். சீசனில் ஊட்டி மார்க்கெட் பக்கம் ஒரு விலை, கோத்தகிரியில் ஒரு விலை. அங்கே உள்ள கம்ப்யூட்டரில் உங்கள் ஜிமெயிலைத் திறந்தால் வெளியேறாமல் எழுந்திருக்காதீர்கள். டெஸ்க்டாப்பில் சேமித்த சான்றிதழையும் அழித்துவிட்டு வாருங்கள்.

நன்றி சொல்கிறேன் என்று வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கே நேரில் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். மலையில் வீட்டுக்குப் போகும்போது கையில் ஏதாவது கொண்டுபோவது மரியாதை. முடிவு சொல்லப்படாத நேர்காணலுக்குப் பிறகு அதே பொட்டலம் வேறு மாதிரி தெரியும்.

## 8. அனுப்பிய பிறகு

பதில் வராமல் இருப்பதுதான் வழக்கம். "நன்றி, தகவல் சொல்கிறோம்" என்று ஒரு வரி வந்தால் அதை நல்ல சகுனமாகவோ கெட்ட சகுனமாகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பதில் எழுதவும் தேவையில்லை. ஏதாவது கேட்டு எழுதியிருந்தால் மட்டும் அன்றே பதில் போடுங்கள். நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பதிலும் பயன் இல்லை. பலர் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் சொன்ன பத்து நாளும் முடியட்டும். அதற்குப் பிறகு ஒரு வேலைநாள் விட்டு, அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரி எழுதலாம்: "கணக்கு உதவியாளர் பணிக்கான முடிவு குறித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வேறு ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் அனுப்பத் தயாராக இருக்கிறேன்." தேதி எதுவும் சொல்லியிருக்கவில்லை என்றால் இரண்டு வாரம் பொறுத்து இதையே அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மூன்றாவது செய்தி வேண்டாம். இதற்குள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டால், வரவில்லை என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆளைக் கூப்பிட அவர்களுக்கு வசதியாக இருக்கும்.